வட்டம் போட்ட காலண்டர் போட்டோவிலிருந்து வேலை நாளும் லீவு பாக்கியும்: 2025 ஜனவரி கணக்கு

[திரையில்: ஆபீஸ் சுவரில் தொங்கும் மாத காலண்டரின் மொபைல் போட்டோ. 2025 ஜனவரி. 1, 14, 15, 16, 26 தேதிகளைச் சுற்றிச் சிவப்பு வட்டம். 17-ஐச் சுற்றி நீலப் பேனா வட்டம்.]

ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் இப்படி ஒரு போட்டோ வந்ததும், பலர் 31-இலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளையும் வட்டங்களையும் கழித்து ஒரு எண்ணைச் சொல்லிவிடுவார்கள். 31-இல் ஞாயிறு 4, வட்டம் 6. கழித்தால் 21 வருகிறது. இந்த ஆபீஸுக்குச் சரியான விடையும் 21தான். ஆனால் அந்தக் கழித்தலில் இரண்டு தப்பு இருக்கிறது, அவை ஒன்றையொன்று அடித்துக்கொண்டதால்தான் விடை சரியாக வந்தது. அடுத்த மாதமும் அப்படி அமையாது. எனவே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

[திரையில்: போட்டோ பெரிதாகிறது. ஞாயிறு வரிசை மஞ்சளாகிறது.]

வட்டத்துக்குப் போகும் முன் காலண்டரின் அமைப்பைப் பாருங்கள். சில காலண்டரில் கிழமைகள் மேலே ஓடும், சிலவற்றில் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக இருக்கும். போட்டோவில் ஓரம் வெட்டுப்பட்டால் கிழமைப் பெயர் தெரியாது. அப்போது வாரத்தைக் குறுக்கே எண்ணுவதா, நெடுக்கே எண்ணுவதா என்பதிலேயே தடுமாற்றம் வரும். கிழமைப் பெயர் தெரியும்படி போட்டோவைத் திரும்ப அனுப்பச் சொல்லுங்கள்.

இடம் போதாத மாதத்தில் கடைசித் தேதிகளை முதல் வரிசையின் காலிக் கட்டத்தில் அச்சடிப்பார்கள். 2025 மார்ச் சனிக்கிழமை தொடங்கியது. அதனால் 30, 31 இரண்டும் மேலே ஞாயிறு, திங்கள் கட்டங்களில் போய் உட்காரும். அந்த 31-தான் ரம்ஜான் விடுமுறை. கீழ் வரிசையை மட்டும் பார்ப்பவர் கண்ணில் அந்த வட்டம் படவே படாது.

நம் ஜனவரியில் அந்தச் சிக்கல் இல்லை. 31 நாள் மாதத்தில் 28 நாள் போக மிச்சம் மூன்று நாள். மாதம் புதனில் தொடங்குவதால் புதன், வியாழன், வெள்ளி மட்டும் ஐந்து முறை வரும்; மற்றவை நான்கு முறைதான். ஆக ஞாயிறு 5, 12, 19, 26. போட்டோ மங்கலாக இருந்தாலும் இந்தக் கணக்கு கைகொடுக்கும்.

[திரையில்: 11-ஆம் தேதிக்குச் சாம்பல் நிறம்.]

இந்த ஆபீஸில் இரண்டாவது, நான்காவது சனி வார விடுமுறை. அதை யாரும் வட்டம் போட்டுக் காட்டுவதில்லை, ஏனென்றால் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. முதல் தப்பு இங்கேதான்: 11-ஆம் தேதியைக் கழிக்கவில்லை.

இரண்டாவது தப்பு 26. குடியரசு தினத்துக்கு வட்டம் இருக்கிறது, ஆனால் அந்த ஆண்டு அது ஞாயிறு. ஞாயிறுகளோடு அதை ஏற்கெனவே கழித்தாயிற்று. வட்டத்துக்காக இன்னொரு முறை கழிக்கக் கூடாது.

மூன்றாவதாகக் கவனிக்க வேண்டியது 17. அச்சடித்த காலண்டரில் அது சாதாரண வெள்ளிக்கிழமை. பொங்கலை ஒட்டி அன்று விடுமுறை என்று தமிழக அரசு ஜனவரியில்தான் அறிவித்தது. அதற்கு ஈடாக 25-ஆம் தேதி சனிக்கிழமை வேலை நாள் என்றும் சொன்னது. அந்த அறிவிப்பு அரசு அலுவலகங்கள், பள்ளி, கல்லூரிகளுக்கு. தனியார் ஆபீஸ் தானாக அதில் சேராது; நிர்வாகம் சர்க்குலர் போட்டால்தான் உண்டு. நம் ஆபீஸ் அரசைப் பின்பற்றி இரண்டையும் ஏற்றுக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். 17-க்கு யாரோ பேனாவால் வட்டம் போட்டுவிட்டார்கள். 25-இல் ஒரு குறியும் இல்லை. லீவு நாளுக்கு வட்டம் போட நிறையக் கைகள் வரும், ஈடுகட்டும் நாளுக்கு யாரும் குறி போடுவதில்லை. அதனால் பேனா வட்டத்தைப் பார்த்தாலே, இதற்கு ஈடாக எந்த நாள் என்று கேட்டுவிடுங்கள். 25-ஐ நான்காவது சனி என்று நினைத்து வீட்டில் இருந்துவிட்டால், அன்றைக்கு ஒரு லீவு போய்விடும்.

இப்போது நேராகப் போடுவோம்.

[திரையில்: ஒவ்வொரு வரியாக வருகிறது.]

மாதத்தில் 31 நாள்.
ஞாயிறு 4 போனால் 27.
இரண்டாவது சனி, 11-ஆம் தேதி, போனால் 26.
1, 14, 15, 16, 17 என ஐந்து விடுமுறை போனால் 21.
26 ஏற்கெனவே ஞாயிறில் போய்விட்டது. 25 வேலை நாளாகவே நிற்கிறது.

எக்செலில் போடுகிறவர்கள், ஞாயிறு மட்டும் வார விடுமுறை என்று சொல்லும் 11 என்ற எண்ணைக் கொடுத்து, சனிக்கிழமை விடுமுறையைப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். B2 முதல் B7 வரை 1, 11, 14, 15, 16, 17 ஆகிய ஆறு தேதிகள்:

```
=NETWORKDAYS.INTL(DATE(2025,1,1),DATE(2025,1,31),11,B2:B7)
```

விடை 21. பட்டியலில் 26-ஐயும் சேர்த்தாலும் இது இரண்டு முறை கழிக்காது. தேதி கட்டத்தின் இடது பக்கம் ஒட்டி நின்றால், அது எழுத்தாகப் பதிந்திருக்கிறது என்று அர்த்தம். அதை மறுபடி தேதியாக அடித்த பிறகுதான் விடையை நம்பலாம்.

[திரையில்: 11 முதல் 19 வரை ஒரே பட்டை.]

அடுத்து லீவு பாக்கி. ஒருவருக்கு ஆண்டுக்கு 12 கேஷுவல் லீவு, ஜனவரி 1 அன்றே மொத்தமாகக் கணக்கில் ஏறிவிட்டது. அவர் போகிக்காக 13-ஆம் தேதி திங்கள், ஊரிலிருந்து திரும்ப 18-ஆம் தேதி சனி, பிறகு 24 அன்று அரை நாள் எடுத்தார். 18 மூன்றாவது சனி, வேலை நாள். எடுத்தது இரண்டரை நாள், பாக்கி 9.5. இரண்டு லீவில் 11 முதல் 19 வரை ஒன்பது நாள் ஊரில் இருந்திருக்கிறார்.

இதே லீவுக்கு இன்னோர் ஆபீஸில் பாக்கி 5.5 என்று காட்டும். விடுமுறைக்கு முன்னும் பின்னும் லீவு போட்டால், இடைப்பட்ட விடுமுறையையும் லீவாக எடுத்துக்கொள்ளும் விதி சில இடங்களில் உண்டு. சாண்ட்விச் லீவு என்பார்கள். அங்கே 13 முதல் 18 வரை ஆறு நாளும் லீவு, அரை நாளோடு 6.5. வேலைக்கு வந்த நாள் இரண்டு ஆபீஸிலும் 18.5தான், லீவு பாக்கியில் மட்டும் நான்கு நாள் வித்தியாசம். காலண்டர் போட்டோவை எத்தனை முறை பார்த்தாலும் இது தெரியாது. லீவு விதியைப் படித்தால்தான் தெரியும். சில இடங்களில் இந்த விதி ஒருவகை லீவுக்கு இருக்கும், இன்னொரு வகைக்கு இருக்காது. 13, 18 இரண்டையும் எந்த வகையில் போடுவது என்று டிக்கெட் எடுக்கும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

மாதம் ஒன்று என்று லீவு ஏறும் ஆபீஸாக இருந்தால் நிலைமை வேறு. ஜனவரியில் கையில் ஒன்றுதான் இருக்கும். சாண்ட்விச் விதி இல்லாவிட்டாலும் இரண்டரை எடுத்தவருக்கு ஒன்றரை நாள் சம்பளம் பிடிப்பார்கள், முன்கூட்டியே லீவு எடுக்க அனுமதி இருந்தால் தவிர. அந்த ஒன்றரை நாளுக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பது, மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுக்கிறார்களா 31-ஆலா என்பதைப் பொறுத்தது. 26,000 ரூபாய் சம்பளத்தில் முதலாவது முறைப்படி 1,500 ரூபாய், இரண்டாவது முறைப்படி சுமார் 1,258 ரூபாய். சம்பளச் சீட்டில் பிடித்த தொகையைச் சம்பளம் பிடித்த நாட்களால் வகுத்துப் பார்த்தால், உங்கள் ஆபீஸ் எந்த முறை என்று தெரிந்துவிடும்.

[திரையில்: அதே போட்டோ. 17-க்கு அருகில் "ஈடு: 25", 26-க்கு அருகில் "ஞாயிறு", 11-க்கு அருகில் "2-ஆம் சனி" என்ற குறிப்புகள்.]