இலவச டெலிவரிக்கு எந்தத் தொகையில் கோடு போடுவது?

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

வேலூர் லாங்கு பஜாரில் ஒரு மூட்டை அரிசி எடுத்தால், வண்டிக் கூலியைக் கடைக்காரரே ஏற்றுக்கொள்வார். இரண்டு கிலோ வாங்கினால் நாம்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். மூட்டைக்கு எவ்வளவு லாபம், வண்டிக்கு எவ்வளவு கூலி என்பது அவருக்கு மனப்பாடம். இரண்டையும் கழித்துப் பார்த்துவிட்டுத்தான் "வண்டியை நான் அனுப்பறேன்" என்கிறார். இன்று ஆன்லைனில் கடை நடத்துபவர்கள் "இத்தனை ரூபாய்க்கு மேல் வாங்கினால் இலவச டெலிவரி" என்று போடுகிறார்களே, அதுவும் இதே ஏற்பாடுதான். அந்தக் கழித்தலைச் செய்யாமல் தொகையைப் போடுகிறவர்கள்தான் அதிகம். சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதித் தருகிறவன் என்பதால், இதில் பணம் எப்படிக் கசிகிறது என்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு கடையின் கணக்கைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

சத்துவாச்சாரியில் வீட்டு மாடியில் ஒரு அக்கா கடை நடத்துகிறார். ஜவ்வாது மலையிலிருந்து தேன், சாமை அரிசி, நெல்லி வற்றல் எல்லாம் வாங்கி, சுத்தம் செய்து, பொட்டலம் போட்டு, பெரும்பாலும் சென்னைக்கும் பெங்களூருக்கும் அனுப்புகிறார். மாதம் சுமார் 100 ஆர்டர். டெலிவரிக்கு என்று வாடிக்கையாளரிடம் 70 ரூபாய் வாங்குவார். கூரியருக்கு இரண்டு கிலோ வரை 80 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு கிலோவுக்கும் 25 ரூபாய். காதில் கேட்டு மனதில் பிடிக்க வசதியாக எல்லாவற்றையும் முழு எண்ணாக்கிச் சொல்கிறேன்.

பெரிய கடைகளில் எல்லாம் 499-க்கு மேல் இலவசம் என்று இருக்கிறதே என்று, அவரும் 499 போட்டார். ஒரு மாதம் கழித்து நோட்டோடு வந்தார். "தம்பி, விற்பனை ஏறியிருக்கு, பேக்கிங் பண்ணிப் பண்ணிக் கை வலிக்குது, ஆனா மாசக் கடைசியில கையில காசு குறையுது. எங்கேயோ தப்பு இருக்கு" என்றார். கூட்டலில் தப்பு எதுவும் இல்லை. தப்பு அந்த 499-இல் இருந்தது.

முதலில் பழைய மாதத்து 100 ஆர்டர்களையும் தொகை வாரியாகப் பிரித்துத் தரையில் பரப்பினோம். 20 சீட்டுகள் 220 ரூபாயை ஒட்டி இருந்தன. 62 சீட்டுகள் 430-ஐ ஒட்டி. அவை பெரும்பாலும் அரைக் கிலோ தேன் பாட்டில் ஒன்று, சாமை ஒரு கிலோ. 12 சீட்டுகள் 500-இலிருந்து 800 வரை. மீதி 6, விசேஷ வீட்டுக்கும் கடைகளுக்கும் போன பெரிய ஆர்டர்கள், தலா 2,500 வாக்கில். எல்லாவற்றையும் கூட்டி நூறால் வகுத்தால் சராசரி 539 வருகிறது. ஆனால் அந்த 539-ஐ ஒட்டி வாங்கியவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குக்கூட இல்லை. ஆறு பெரிய ஆர்டர்கள் சேர்ந்து சராசரியை மேலே இழுத்துவிட்டன. "சராசரிக்குக் கொஞ்சம் மேலே கோடு போடு" என்று பலர் யோசனை சொல்வார்கள். சராசரியை விட்டுவிடுங்கள். சீட்டு எங்கே குவிந்திருக்கிறதோ, அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். இந்தக் கடையில் அது 430.

அந்த 430 ரூபாய்க்காரர் 499-ஐப் பார்த்ததும் என்ன செய்தார்? 69 ரூபாய் குறைகிறது, இன்னொரு சாமை பாக்கெட் போட்டுக்கொண்டார். சாமை கிலோ 120 ரூபாய். கொள்முதல், பேக்கிங், பணம் வசூலிக்கும் கேட்வே கமிஷன் எல்லாம் போக அதில் நிற்பது 30 ரூபாய். பார்சலில் ஒரு கிலோ கூடியதால் கூரியருக்கு 25 கூடுதல். முன்பு வாங்கிய 70 ரூபாய் இப்போது வராது. 30 வந்தது, 95 போனது. அந்த ஆர்டரில் மட்டும் 65 ரூபாய் நஷ்டம். இப்படி 40 பேர் செய்திருந்தார்கள். அதில் 2,600 ரூபாய் போயிற்று. ஏற்கெனவே 500-க்கு மேல் வாங்கிக்கொண்டிருந்த 18 பேரும் 70 ரூபாய் கொடுப்பதை நிறுத்தினார்கள். அவர்கள் புதிதாக எதுவும் வாங்கவில்லை, கொடுத்துக்கொண்டிருந்ததைக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். அது 1,260. ஆக விற்பனை 4,800 ரூபாய் ஏறியது, கையில் 3,860 ரூபாய் குறைந்தது. அக்கா இதைப் பார்த்துவிட்டுச் சிறிது நேரம் பேசவேயில்லை. சலுகையைப் பார்த்துப் புதிதாக வந்தவர்களும் சிலர் இருந்தார்கள். அவர்களைத் தனியே எடுத்துப் பார்த்தோம். இந்த ஓட்டையை அடைக்கும் அளவுக்கு அவர்களிடமிருந்து வரவில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கூரியரின் அடிப்படைக் கட்டணமான 80 ரூபாய் இந்தக் கணக்கில் வரவேயில்லை, பார்த்தீர்களா? அது முன்பும் செலவு, இப்போதும் செலவு. மாறியவை இரண்டு: நாம் விட்டுக்கொடுத்த 70, எடை கூடியதால் வந்த 25. கூடுதலாகப் போட்ட பொருளின் லாபம் இந்த 95-ஐத் தாண்ட வேண்டும். தாண்டாவிட்டால் எந்தத் தொகையில் கோடு போட்டாலும் நஷ்டம்தான்.

சாமை அதைத் தாண்டுமா? ஒரு கிலோவில் லாபம் 30, அதை அனுப்ப 25. மிச்சம் 5 ரூபாய். விட்டுக்கொடுத்த 70-ஐ ஐந்து ஐந்தாகச் சேர்க்க 14 கிலோ வேண்டும். 430 ரூபாய்க்கு வாங்க வந்த குடும்பம் 14 கிலோ சாமை சேர்த்து வாங்காது. கனமும் மலிவுமான பொருள் தன்னுடைய வண்டிக் கூலியைச் சுமப்பதே பெரிய காரியம். தேனும் நெல்லி வற்றலும் அப்படி இல்லை. கால் கிலோ தேன் பாட்டில் 200 ரூபாய், அதில் நிற்பது 100. நெல்லி வற்றல் 100 கிராம் பொட்டலம் 90 ரூபாய், நிற்பது 45. இரண்டும் கண்ணாடி பாட்டிலோடு சேர்ந்து அரைக் கிலோ வாக்கில்தான். 290 ரூபாய்க்கு 145 லாபம், அதில் 95 கழித்தால் 50 ரூபாய் கையில் நிற்கும். ஆகவே 430-உடன் 290, மொத்தம் 720. கோட்டை 699-இல் போட்டோம்.

430-க்கும் 699-க்கும் இடைவெளி அதிகம் இல்லையா என்று கேட்கலாம். அதிகம்தான். எல்லாரும் ஏற மாட்டார்கள், ஏற வேண்டியதும் இல்லை. ஏறாதவர் முன்போலவே 70 கொடுப்பார், நமக்கு அதனால் இழப்பு இல்லை. கோட்டைக் கீழே வைத்து 40 பேரை ஏற்றி ஒவ்வொருவரிடமும் 65 இழப்பதைவிட, மேலே வைத்து 15 பேரை ஏற்றி ஒவ்வொருவரிடமும் 50 சம்பாதிப்பது மேல். ஒருவர்கூட ஏறாத உயரத்துக்குப் போய்விடக் கூடாது என்பதுதான் மேல்வரம்பு. 1,499 என்று போட்டிருந்தால் இந்தக் கடையில் அது சுவரில் ஒட்டிய வெறும் போஸ்டர்.

தொகையோடு எடையையும் சேர்த்தோம். 699 ரூபாய்க்கு மேல், மூன்று கிலோவுக்குள் இருந்தால் இலவசம். இதனால் சாமையைக் கொண்டே 699-ஐ நிரப்புகிற ஆர்டர் வெளியே நிற்கும். விசேஷத்துக்கு 15, 20 கிலோ எடுக்கிற ஆறு பேரும் முன்போலவே டெலிவரிக்குப் பணம் கொடுப்பார்கள். இந்த நிபந்தனையைப் பொருளின் பக்கத்திலேயே, முதலிலேயே எழுதச் சொன்னேன். கடைசித் திரையில் பணம் கட்டப்போகிற நேரத்தில் சொன்னால், வாங்க வந்தவர் ஏமாற்றப்பட்டதாகவே நினைப்பார். அது நியாயமான கோபம். அதோடு, "இன்னும் 269 ரூபாய்க்கு வாங்கினால் டெலிவரி இலவசம்" என்று காட்டுகிற இடத்தில் தேனும் நெல்லியும் சேர்ந்த பொட்டலத்தின் படத்தை வைத்தோம். அதற்கு முன் அந்த இடத்தில் சாமை படம்தான் இருந்தது. பாதி நஷ்டம் அந்தப் படத்தால் வந்தது என்றே நான் நினைக்கிறேன்.

அப்பளம், வடாம் விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவை எடையில்லாத பொருள்தானே என்று இருந்துவிடாதீர்கள். பல கூரியர்களில் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பார்கள். அந்த எண்ணும் நிஜ எடையும் எது அதிகமோ, அதற்குத்தான் பில். 40-க்கு 30-க்கு 20 பெட்டி என்றால் உள்ளே ஒரு கிலோ அப்பளம் இருந்தாலும் 4.8 கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டும்.

கேஷ் ஆன் டெலிவரிக்கு இந்தச் சலுகையைக் கொடுக்க வேண்டாம் என்றேன். அந்த 499 மாதத்தில் பெங்களூருக்குப் போன பார்சல்கள் சில, வாங்க ஆளில்லாமல் திரும்பி வந்தன. போகக் கட்டணம், வரக் கட்டணம், இரண்டும் அக்காவின் தலையில். சலுகைக்காகக் கனமாக்கிய பார்சல் திரும்பி வந்தால் அந்தக் கனத்துக்கும் இரண்டு தடவை கட்ட வேண்டும். முன்பணம் கட்டியவருக்கு மட்டும் இலவசம் என்று வைத்ததில் ஆர்டர் கொஞ்சம் குறைந்தது. அது பரவாயில்லை என்று அக்காவே சொன்னார்.

அடுத்த மாதம் சீட்டுகளை மறுபடி பரப்பினோம். தீபாவளி, பொங்கல் மாதமாக இல்லாமல் பார்த்துக்கொண்டோம், பண்டிகைக் கூட்டம் கணக்கைக் குழப்பிவிடும். 430 குவியலிலிருந்து 15 சீட்டுகள் 700-ஐ ஒட்டிய இடத்துக்கு நகர்ந்திருந்தன. கோடு இழுக்கிறது என்பதற்கு அடையாளம் அதுதான்: கோட்டுக்குச் சற்று மேலே புதிதாக ஒரு குவியல் தெரிய வேண்டும். குவியல் பழைய இடத்திலேயே இருந்து, ஏற்கெனவே மேலே இருந்தவர்கள் மட்டும் இலவசத்தை அனுபவித்தால், கோடு யாரையும் இழுக்கவில்லை, வெறும் தள்ளுபடிதான் நடக்கிறது. அந்த 15 பேரிடம் வந்தது 750. முன்பே 700-க்கு மேல் வாங்கிய நான்கு பேரிடம் 280 போனது. 620-ஐ ஒட்டி வாங்கிய மூன்று பேர் நெல்லி வற்றல் மட்டும் சேர்த்தார்கள். அங்கே 45 வந்து 70 போனது, ஆளுக்கு 25 வீதம் 75. எல்லாம் கழித்து, சலுகையே இல்லாத பழைய மாதத்தைவிட 395 ரூபாய் கூடுதல்.

சின்னத் தொகைதான். ஆனால் 499 இருந்த மாதத்தோடு வைத்துப் பார்த்தால் 4,255 ரூபாய் வித்தியாசம். மாடியில் தனியாக உட்கார்ந்து பொட்டலம் போடுகிறவருக்கு அது உதவி ஆள் ஒருவருக்குச் சில நாள் கூலி. அக்கா இப்போது கூரியர் பில் வந்ததும் முதலில் பார்ப்பது, இரண்டு கிலோவுக்கு மேல் கிலோவுக்கு என்ன விலை என்ற வரியைத்தான். அந்த 25 ரூபாய் 35 ஆனால், 699-இல் அவருக்கு நிற்கும் 50 ரூபாய் 40 ஆகிவிடும். தேன் கொள்முதல் விலையும் அதே மாதம் ஏறினால் இன்னும் இறங்கும். அது 20-க்குக் கீழே வந்த அன்று கோட்டை மாற்றிவிடலாம் என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

வணக்கம்.