முதலீட்டாளருக்கு எட்டு வரியில் ஒரு மின்னஞ்சல்

வணக்கம். புதிதாகத் தொழில் தொடங்கியவர்கள் ஆரம்பகட்ட முதலீட்டாளருக்கு எழுதும் மின்னஞ்சல்கள் எனக்கு நிறைய வருகின்றன, பாதிக்கு மேல் கடைசி வரியில் படுத்துவிடுகின்றன. "முதலீடு தேடுகிறோம், பேசலாமா?" எவ்வளவு, எதற்கு, எத்தனை நாளைக்கு, ஒன்றும் இருக்காது.

ஒரு கற்பனைக் கம்பெனியை வைத்தே பார்ப்போம். பல் மருத்துவமனைகளில் நேரம் வாங்கியவர் வராமல் போனால் அந்த இடத்தைக் காத்திருக்கும் வேறொருவருக்குக் கொடுக்கும் மென்பொருள். பிரச்சினையை எழுதும்போது உலகச் சந்தை எத்தனை கோடி என்று ஆரம்பிக்காதீர்கள். "நேரம் வாங்கியவர் வராவிட்டால் டாக்டரின் நாற்காலி அரை மணி நேரம் காலி, அந்த வருமானம் திரும்பி வராது, வரவேற்பில் இருப்பவர் ஒவ்வொருவராகப் போன் போட்டுத்தான் ஆள் தேடுகிறார்." போதும், யாருக்கு வலிக்கிறது என்று தெரிந்துவிட்டது.

அடுத்து முன்னேற்றம். "300 சதவீத வளர்ச்சி" என்று எழுதினால் ஒன்று நான்கானதா என்றுதான் முதலில் தோன்றும். "ஜனவரியில் 3 மருத்துவமனைகள் பணம் கட்டின, ஜூனில் 14, இதுவரை ஒன்றும் விலகவில்லை" என்று எழுதுங்கள். எண் சின்னதுதான், இருக்கட்டும். இலவசமாகப் பார்ப்பவர்களைப் பணம் கட்டுபவர்களோடு சேர்த்து எண்ணாதீர்கள், முதல் அழைப்பிலேயே இரண்டாவது கேள்வி அதுதான்.

இப்போது பணம் கேட்கும் இடம். "2 லட்சம் டாலர் திரட்டுகிறோம். அதில் 80,000-க்கு இருவர் கையெழுத்திட்டுவிட்டார்கள், மீதி 1,20,000. மாதம் 11,000 செலவில் மொத்தம் 2 லட்சமும் 18 மாதம் வரும், அதற்குள் 100 மருத்துவமனைகள். அடுத்த வாரம் 20 நிமிடம் பேச முடியுமா?" கணக்கு உதைக்கக் கூடாது: 11,000-ஐ 18-ஆல் பெருக்கினால் 1,98,000, சரி. வழக்கமாக 25,000 போடுகிறவர் இதைப் படித்ததும் தனக்கு இடம் இருக்கிறதா என்று தானே பார்த்துக்கொள்வார். வாய்வார்த்தையாகச் சொன்னவர்களைக் கையெழுத்திட்டவர்கள் கணக்கில் சேர்க்காதீர்கள், முதலீட்டாளர்கள் ஒருவருக்கொருவர் விசாரித்துக்கொள்வார்கள்.

கம்பெனியின் மதிப்பீட்டை எழுதலாமா? யாராவது ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தால் எழுதுங்கள், விதிமுறை முடிவாகிவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது. புதுத் தொழில்களில் முதலீடு செய்யும் அமெரிக்க நிறுவனம் ஒய் காம்பினேட்டர் 2013-இல் கொண்டுவந்த, இப்போது பணம் வாங்கிப் பங்கைப் பிறகு கொடுக்கும் சேஃப் ஒப்பந்தம் இந்தக் கட்டத்தில் பரவலாகப் பயன்படுகிறது, 2018-இல் அதைத் திருத்தி, திரட்டும் பணத்தையும் சேர்த்த மதிப்புக்கு உச்சவரம்பு வைக்கும் வடிவத்தைக் கொண்டுவந்தார்கள். அதன்படி உச்சவரம்பு 20 லட்சம் என்றால் நீங்கள் திரட்டும் 2 லட்சத்துக்குப் பத்து சதவீதம் போகும், அடுத்த பெரிய முதலீட்டுச் சுற்றில் வரும் புதுப் பங்குகள் அதையும் கொஞ்சம் குறைக்கும். இன்னும் யாரும் கையெழுத்திடவில்லையென்றால் அந்த எண்ணை அழைப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால்தான் விவரம் சொல்வேன் என்று எழுதாதீர்கள், பெரும்பாலானோர் போடமாட்டார்கள். தலைப்பில் கம்பெனிப் பெயரையும் "14 பல் மருத்துவமனைகள், 2 லட்சம் டாலர் சுற்று" என்பதையும் போட்டால், அவர் தன் கூட்டாளிக்கு அப்படியே அனுப்பிவிடலாம்.