கிரைண்டர் பக்கத்துல என்ன எழுதணும்?

வணக்கம் நண்பர்களே. இன்னைக்கு ஒரே ஒரு மெஷின், பெஞ்ச் கிரைண்டர். நிறைய ஒர்க்‌ஷாப்ல இதுக்கு மேல "கிரைண்டரைப் பாதுகாப்பாகப் பயன்படுத்தவும்"னு போர்டு இருக்கும். அதைப் படிச்சுட்டு ஒருத்தர் கை என்ன செய்யும்? ஒண்ணும் செய்யாது. என்ன பண்ணணும்னு அதுல இல்லையே.

இந்த மெஷின்ல பெரிய ஆபத்து எங்கன்னு பாருங்க. ஜாபை வச்சுப் பிடிக்கிற டூல் ரெஸ்ட்டுக்கும் கல்லுக்கும் நடுவுல இருக்கிற கேப். அது அதிகபட்சம் 3 மில்லிமீட்டர்தான் இருக்கணும். கல் தேயத் தேய கேப் தானா பெருசாகும், யாரும் கவனிக்க மாட்டாங்க. ஒரு நாள் சின்ன ஜாப் ஒண்ணு அந்தச் சந்துல போய் மாட்டும். விரலையும் சேர்த்து இழுக்கும், இல்லைன்னா கல்லே வெடிக்கும்.

சரி, "3 மி.மீ. கேப் வைக்கவும்"னு எழுதினா போதுமா? போதாது. வேலை அவசரத்துல யார் ஸ்கேல் தேடுவாங்க? அதனால 3 மி.மீ. கனத் தகடு ஒண்ணை வெட்டி, சங்கிலி போட்டு ஸ்விட்ச் பக்கத்துலயே மாட்டிடுங்க. அதுக்கு மேல இப்படி எழுதுங்க: "கல் நிக்கும்போது தகடை விட்டுப் பாருங்க. உள்ள போனா, ஓட்டாதீங்க." இதுக்கு அளக்கவும் வேண்டாம், யோசிக்கவும் வேண்டாம்.

ஓட்டலைன்னா அடுத்து என்ன? அதையும் கீழேயே, கை செய்யற வரிசையில எழுதணும். "பிளக்கைக் கழட்டுங்க. போல்ட்டைத் தளர்த்தி ரெஸ்ட்டைக் கல் பக்கம் நகர்த்துங்க. இறுக்குங்க. கல்லைக் கையால சுத்தி, எங்கயும் உரசலைன்னு பாருங்க." அந்த போல்ட்டுக்கான ஸ்பேனரும் அங்கயே தொங்கணும். அது டூல் ரூம்ல இருந்துச்சுன்னா, நீங்க எவ்வளவு அழகா எழுதினாலும் யாரும் செய்ய மாட்டாங்க.

ஸ்விட்சுக்கு மேல இன்னொரு வரி: "ஆன் பண்ணிட்டு 1 நிமிஷம் ஓரமா நில்லுங்க." விரிசல் விட்ட கல் பெரும்பாலும் வேகம் எடுக்கும்போதுதான் உடையும், அதான் காரணம்.

புதுக் கல்லைத் தட்டிச் சத்தம் பார்க்கிறது முக்கியம்தான். கணீர்னு கேட்கணும், மந்தமா கேட்டா அந்தக் கல் வேண்டாம். ஆனா அதை இங்க எழுதாதீங்க. கல் மாத்துறவர் கல்லை எடுக்கிற அலமாரியில ஒட்டுங்க. தினமும் தேவைப்படாத வரியை இங்க சேர்த்தா, தேவையான வரியும் கண்ணுல படாது.

ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், கல்லை மூடியிருக்கிற பாதுகாப்பு கார்டு கழண்டு கிடக்கிற மெஷினுக்கு எந்த போர்டும் உதவாது. முதல்ல கார்டை மாட்டுங்க.

ஒரு வாரம் கழிச்சு, சொல்லாம போய்த் தகடை விட்டுப் பாருங்க. உள்ள போச்சுன்னா ஆட்களைத் திட்டாதீங்க. ஸ்பேனர் அங்க இருக்கான்னு பாருங்க.