இருபது நிறைவதற்குள்

வணக்கம் நேயர்களே. எங்கள் லயத்தில் பாதிக் குடும்பங்கள் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பேரில் இந்தியா போனவை. என் அக்காவும் போனார். அம்மிக்கல்லையும் கொண்டுபோவேன் என்று அடம்பிடித்து, தலைமன்னார் வரைக்கும் அதைச் சுமக்க வைத்தார். என் தோள் இன்னும் மறக்கவில்லை!

அந்த அக்கா கோத்தகிரியிலிருந்து போன மாதம் பேசினார். பேத்திக்குப் பதினாறு வயதில் கல்யாணம் செய்துவிட்டார்கள். மாப்பிள்ளைக்கு அப்போது இருபத்துநான்கு. இப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது எட்டு மாதம். பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டாள். "சின்ன வயசுக் கல்யாணந்தானே தம்பி, அது தானாவே செல்லாதுதானே?" என்றார்.

இங்கேதான் சிக்கல். நம் இலங்கையில் பொதுத் திருமணச் சட்டப்படி, 1995 திருத்தத்துக்குப் பிறகு பதினெட்டு நிறையாத கல்யாணம் செல்லாது. (முஸ்லிம் திருமணச் சட்டம் தனி, அதை இன்று தொடவில்லை.) இந்தியாவில், தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் அப்படியில்லை. அங்கே 2006ஆம் ஆண்டுச் சட்டத்தில் பதினெட்டு நிறையாத பெண்ணும் இருபத்தொன்று நிறையாத ஆணும் குழந்தைகள். கடத்திக்கொண்டுபோய்ச் செய்தது போன்ற சில கல்யாணங்கள்தான் தொடக்கத்திலிருந்தே செல்லாதவை. மற்றவை, குழந்தையாக இருந்தவர் மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டு ரத்துக் கேட்கும் வரை நிற்கும். கேட்காவிட்டால் நின்றுகொண்டே இருக்கும்.

யார் கேட்கலாம்? கல்யாணத்தன்று குழந்தையாக இருந்தவர் மட்டும். இருபத்துநான்கு வயது மாப்பிள்ளை இந்த வழியில் கேட்க முடியாது. பெண்ணின் அப்பா, "நான்தானே கட்டிவைத்தேன், நானே மனுப் போடுகிறேன்" என்றாராம். முடியாது, மச்சான்! பத்தொன்பது வயதுப் பெண் தானே கையெழுத்துப் போட வேண்டும். பதினேழில் வந்திருந்தால் பாதுகாவலரோ அவள் சார்பில் வேறொருவரோ போட்டிருக்கலாம். அப்போதும் தனியாக இல்லை. குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலரோடு சேர்ந்துதான். தமிழ்நாட்டில் அந்தப் பொறுப்பு மாவட்டச் சமூகநல அலுவலரிடம் இருக்கிறது.

அடுத்தது நாள் கணக்கு. பதினெட்டு நிறைந்து இரண்டு வருடம், அதாவது இருபது நிறைவதற்குள் மனு உள்ளே போயிருக்க வேண்டும். பேத்திக்கு மிச்சம் நாலு மாதம். பெரியவர்களோ தை பிறக்கட்டும், பேசிப் பார்ப்போம் என்கிறார்கள். தை பிறப்பதற்குள் அவளுக்கு இருபது நிறைந்துவிடும்! பிறகு விவாகரத்துதான் வழி. மாப்பிள்ளையும் சம்மதிக்காவிட்டால், அதற்குக் கொடுமை, கைவிட்டது என்று காரணம் காட்டி நிரூபிக்க வேண்டும். இந்த மனுவுக்கு அது வேண்டாம். வயதும் கல்யாணத் தேதியும் போதும். அதனால் பிறப்புச் சான்றிதழையும் பத்திரிகையையும் கல்யாணப் படத்தையும் எடுத்துவைக்கச் சொன்னேன். பத்திரிகையைப் பரணில் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். ரத்தானால் இருபக்கமும் வாங்கிய நகை, பணத்தைத் திருப்பித்தர நீதிமன்றம் உத்தரவிடும். பெண் மறுமணம் செய்யும்வரை ஜீவனாம்சம் கேட்கலாம். குழந்தை இருந்தால், ரத்தான பின்னும் அது சட்டப்படியான குழந்தைதான். வணக்கம்.