தையில் வந்தவர் மார்கழியில் போனால்

நேயர்களுக்கு வணக்கம். புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் எங்கள் வீட்டில் மூன்று போர்ஷன்களை வாடகைக்கு விட்டிருக்கிறேன். அதில் ஒன்று ஒருமுறை ஒரு மாதம் முழுக்கக் காலியாகக் கிடந்தது. அந்தக் கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

ஆடியிலும் மார்கழியிலும் நம் பக்கத்தில் பெரும்பாலான குடும்பங்கள் வீடு மாறுவதில்லை. பால் காய்ச்ச மாட்டார்கள், சாமான் ஏற்ற மாட்டார்கள். அந்த மாதங்கள் முடிந்ததும், ஆவணியிலும் தையிலும், டு-லெட் போர்டைப் பார்த்து ஆட்கள் வரிசையாக வருவார்கள். இது வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் இதோடு பதினொரு மாத ஒப்பந்தத்தைச் சேர்த்து யோசித்துப் பார்த்தவர்கள் குறைவு. நானும் யோசித்ததில்லை.

2023 பிப்ரவரி 1ஆம் தேதி, தை மாதத்தில், ஒரு குடும்பம் குடி வந்தது. வாடகை 12,000 ரூபாய். வழக்கம்போல பதினொரு மாதத்துக்கு எழுதினோம். அது எப்போது முடிந்தது? டிசம்பர் 31, நடு மார்கழி. அவர்கள் சொன்ன தேதியில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். வெள்ளையடிக்க ஐந்து நாள் ஆனது. அப்புறம் மூன்று பேர் வந்து பார்த்தார்கள். ஒருவருக்கு வீடு ரொம்பப் பிடித்துப் போய், சமையலறை மேடையை முழம் போட்டு அளந்துகூடப் பார்த்தார். கடைசியில், “தை பொறக்கட்டும் சார், வந்து அட்வான்ஸ் கொடுக்கிறேன்” என்றார். சொன்னபடியே வந்தார், குடி வந்தது பிப்ரவரி 1. என் 12,000 ரூபாய் போனது போனதுதான்.

ஆவணியில் வருபவருக்கும் இதே கதை. செப்டம்பர் 1இல் தொடங்கினால் பதினொரு மாதம் முடிவது ஜூலை 31, ஆடி நடுவில். நல்ல மாதம் பார்த்து வருகிறார்கள், ஒரு வருஷத்துக்கு ஒரு மாதம் குறைத்து எழுதுகிறோம்; அதனால் முடிவு சரியாக அதற்கு முந்தைய வேண்டாத மாதத்தில் போய் விழுகிறது.

பதினொன்று என்று சட்டம் எதுவும் கட்டாயப்படுத்தவில்லை. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். அதைத் தவிர்க்கத்தான் பதினொன்று. ஏழு மாதம், ஒன்பது மாதம் என்றும் தாராளமாக எழுதலாம். கடலூர் நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, எத்தனை மாதமானாலும் ஒப்பந்தத்தை எழுதி வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். புதுச்சேரிக்கு அந்தச் சட்டம் கிடையாது.

நான் இப்போது செய்வது இதுதான். ஆவணியில் வருபவருக்கு ஒன்பது மாதம் எழுதுகிறேன். மே 31இல் முடியும். பள்ளி விடுமுறை, பிள்ளைகளோடு வீடு தேடுபவர்கள் அலையும் நேரம். மழையும் இல்லை, அடித்த சுண்ணாம்பு இரண்டே நாளில் காய்ந்துவிடும். தையில் வருபவருக்கு ஏழு மாதம். ஆகஸ்ட் 31, ஆவணி. தொடர்ந்து இருக்க விரும்பினால் அடுத்ததாக ஒன்பது மாதம் எழுதி, அவரையும் மே 31க்குக் கொண்டு வந்துவிடுவேன்.

“ஏழு மாசத்துல காலி பண்ணச் சொல்லிடுவீங்களா?” என்று கேட்பார்கள். நியாயமான பயம். அடுத்த ஒப்பந்தத்தில் வாடகை எவ்வளவு என்பதை முன்கூட்டியே பேசி முடித்துவிடுவேன். இன்னும் தயங்கினால் மாதம் 500 குறைப்பேன். ஏழு மாதத்துக்கு 3,500. காலியாகக் கிடந்தால் போகும் 12,000க்கு முன்னால் அது பெரிய தொகை இல்லை.

ஆனால் ஒருமுறை சரி செய்துவிட்டு மறந்தால் மறுபடியும் வழுக்கும். பதினொரு மாதமாகவே புதுப்பித்தால், முடிவு தேதி ஒவ்வொரு தடவையும் ஒரு மாதம் பின்னால் நகரும்: மே 31, ஏப்ரல் 30, மார்ச் 31, பிப்ரவரி, ஜனவரி. அடுத்தது டிசம்பர், மறுபடி மார்கழி. அதனால் ஜனவரியைத் தொடும்போது ஒரு ஏழு மாத ஒப்பந்தத்தை நடுவில் செருகி, மறுபடி ஆவணிக்குத் தள்ளுகிறேன்.

முடிவு தேதியை நவம்பரில் வைப்பதும் எனக்குப் பிடிக்காது. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் நம் கரையில் அடித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஓதம் ஏறிய சுவரை வீடு பார்க்க வந்தவர் ஒரு தடவை தொட்டுப் பார்த்தால் போதும், திரும்பி வர மாட்டார்.

காலாப்பட்டுப் பக்கம் பல்கலைக்கழக மாணவர்களுக்கு விடுபவர்களுக்கு இந்தக் கணக்கு ஒத்து வராது. மாணவர்கள் ஆடி பார்ப்பதில்லை. அட்மிஷன் தேதியைத்தான் பார்க்கிறார்கள்.

எவ்வளவு பார்த்து எழுதினாலும், ஒருவர் திடீரென மாற்றலாகி ஆடியில் போகத்தான் செய்வார். நோட்டீஸ் காலத்தை இரண்டு மாதம் என்று எழுதியிருந்தால், மே கடைசியிலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும். போகிறவர் ஆடிக்கு முன்பே ஒருநாள் காலை அடுப்பங்கரையை விட்டுக் கொடுக்கச் சம்மதித்தால், வரப்போகிறவர் ஆனியிலேயே பால் காய்ச்சிவிட்டு, சாமானை அப்புறம் கொண்டு வருவார். போன வருஷம் எங்கள் மாடி போர்ஷனில் அப்படித்தான் நடந்தது. காய்ச்சிய பாலில் முதல் டம்ளரைப் போகிறவருக்கே கொடுத்தார்கள்.