இன்டர்வியூவில் குறிப்புத் தாள்: எதை எழுதுவது, எங்கே வைப்பது?

கேள்வி: "அக்கா, மன்னார்குடியில இருந்து பேசுறேன். போன சம்பா அறுவடையில நெல் கொள்முதல் நிலையத்துல சீசன் வேலை பார்த்தேன். இப்ப ஒரு அரிசி ஆலையில கொள்முதல் உதவியாளர் வேலைக்குப் போன்ல வீடியோ இன்டர்வியூ. பதிலை எழுதி வச்சா படிக்கிற மாதிரி இருக்கு, எழுதலைன்னா மறந்துடுது. என்ன செய்யலாம்?"

தம்பி, தாள் இருக்கட்டும். முழு வாக்கியம் மட்டும் அதில் வேண்டாம். வாக்கியம் கண்ணில் பட்டால் வாய் அதைப் படிக்கத்தான் பார்க்கும். பேசும்போது இயல்பாக வருகிற 'வந்து', 'அதாவது' எல்லாம் காணாமல் போய், குரல் ஒரே மட்டத்தில் ஓடும். கேட்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

"விவசாயியோடு தகராறு வந்தால் எப்படிச் சமாளிப்பீர்கள்?" என்று உங்களிடம் கட்டாயம் கேட்பார்கள். கொள்முதலில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், மழைக் காலத்தில் சில சமயம் தளர்த்துவார்கள், உங்களுக்கே தெரியும். ஒருவர் கொண்டுவந்த நெல்லுக்கு மீட்டர் 19 காட்டியது, அவர் சத்தம் போட்டார், நீங்கள் களத்தில் காயவைக்கச் சொல்லி மறுநாள் அளந்தபோது 16 இருந்தது, மூட்டை எடை போட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தாளில் இதற்கு இவ்வளவு போதும்:

ஈரம் 19
களம்
மறுநாள் 16

நடந்த சம்பவம் உங்களுக்கு மறக்காது, நீங்கள்தானே அங்கே நின்றீர்கள். பதற்றத்தில் நழுவுவது எண்ணும், பெயரும், எது முதலில் எது பிறகு என்பதும்தான். அதை மட்டும் எழுதுங்கள். மற்றதை அந்த நேரத்தில் வாய்க்கு வருகிறபடி சொல்லுங்கள்.

அடுத்தது தாளின் இடம். மேசையில் வைத்தால் தலை குனிந்து நிமிர்வது அப்பட்டமாகத் தெரியும். போனைக் கண் உயரத்துக்கு நிறுத்தி, கேமராவுக்குப் பின்னால் சுவரில், லென்ஸுக்குச் சற்று மேலே தாளை ஒட்டுங்கள். எழுத்து பெரிதாக, ஒரு சொல்லுக்குக் கீழே அடுத்த சொல்லாக இருக்கட்டும். நீள வரியாக எழுதினால் கண் இடவலமாக ஓடுவதைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரே தாள் போதும். புரட்டினால் சரசரப்பு மைக்கில் கேட்கும். வெறும் ஆடியோ கால் என்றால் மேசையிலேயே விரித்து வைக்கலாம், பிரச்சினை இல்லை.

எண் ஏதாவது சட்டென்று வரவில்லையா? ஒளிந்து பார்க்காதீர்கள். "குறித்து வைத்திருக்கிறேன் சார், பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் பாருங்கள். கடைசியில் அவர்களிடம் நீங்கள் கேட்க நினைக்கும் கேள்விகளையும் அப்படியே தாளைப் பார்த்துக் கேட்கலாம். அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அப்புறம், முந்தின நாள் ஒரு நண்பரை அதே கேள்வியை மூன்று விதமாகக் கேட்கச் சொல்லி, போனில் பதிவு செய்து கேளுங்கள். "விவசாயி கோபப்பட்டால்?" என்றாலும், "கஷ்டமான நாள் ஒன்று சொல்லுங்கள்" என்றாலும் உங்கள் முதல் வாக்கியம் மாறாமல் வருகிறதென்றால் மனப்பாடம் ஆகிவிட்டது. அப்போது 'களம்' என்ற சொல்லையும் அடித்துவிட்டு, 19, 16 என்ற இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி சொல்லிப் பாருங்கள்.