சாப்பிடுறியா, தூங்குறியா என்று கேட்டால் போதாது

(சமுதாய வளைகாப்பு விழா ஒன்றில் மகப்பேறு மருத்துவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

வளையல் போட்டு, ஐந்து வகை சாதமும் சாப்பிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். இந்த நேரத்தில் மனக் கவலையைப் பற்றிப் பேசலாமா என்று முதலில் எனக்கே தயக்கம் இருந்தது. ஆனால் உங்களோடு மாமியார், அம்மா, வீட்டுக்காரர் எல்லோரும் வந்திருக்கிறார்கள். செக்கப்புக்கு வரும் நாளில் இத்தனை பேரைச் சேர்த்துப் பார்க்க முடியாது. அதனால் இங்கேயே பேசிவிடுகிறேன்.

இந்தக் கூடத்தில் கர்ப்பிணிகள் அறுபது பேர் இருப்பீர்கள். நம்மைப் போன்ற வளரும் நாடுகளில் கர்ப்ப காலத்தில் நூறில் 15, 16 பேருக்கு மனநலப் பிரச்சினை வருகிறது, அதில் முதலிடம் மனச்சோர்வுக்கு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்தக் கணக்குப்படி இங்கே ஒன்பது பேர். பதற்றத்தின் அறிகுறிகள் இன்னும் அதிகம், ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இருக்கும். யார் அந்த ஒன்பது பேர் என்று பக்கத்தில் திரும்பிப் பார்க்காதீர்கள். முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எங்களுக்கே முடிவதில்லை.

ஏன் முடிவதில்லை? மனச்சோர்வு வந்தால் தூக்கம் கெடும், பசி குறையும், உடம்பு அசதியாக இருக்கும், படபடப்பு வரும். கர்ப்பத்திலும் இதெல்லாம் வரும். அதனால் ஒரு பெண் "தூக்கமே இல்லம்மா" என்றால், "மாசமா இருந்தா அப்படித்தான்டி" என்று பதில் வந்துவிடுகிறது. அந்தப் பதில் பாதி நேரம் சரி. மீதி நேரத்தில் ஒரு நோய் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது.

பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. தூக்கத்தையே எடுத்துக்கொள்வோம். ஏழாம் மாதத்தில் இரவு மூன்று முறை பாத்ரூம் போக எழுந்திருப்பது இயல்பு. நான் கேட்பது, எழுந்து வந்து படுத்த பிறகு என்ன ஆகிறது என்று. திரும்பக் கண் அசந்துவிட்டால் அது வயிற்றின் வேலை. "குழந்தை நல்லா இருக்குமா, ஏதாவது ஆயிடுமா" என்று விடியும்வரை மனசு ஓடிக்கொண்டே இருந்தால், அது வேறு. அசதியும் அப்படித்தான். கர்ப்பத்தின் அசதி படுத்து எழுந்தால் கொஞ்சமாவது குறையும். ஆனால் பிடித்த ஒன்றைச் செய்ய ஆசையே இல்லாமல் போவதைக் கர்ப்பத்தின் கணக்கில் எழுத முடியாது. மசக்கை சாப்பாட்டின் ருசியைத்தான் எடுக்கும். தங்கச்சியோடு போனில் சிரித்துப் பேசுகிற ருசியை அது எடுக்காது.

இதைக் கேட்டறிய எடின்பரோ அளவுகோல் என்று ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. 1987-இல் ஸ்காட்லாந்தில், பிரசவமான தாய்மார்களுக்காக உருவாக்கினார்கள். இப்போது கர்ப்பிணிகளுக்கும் பயன்படுத்துகிறோம், தமிழிலும் இருக்கிறது. பத்துக் கேள்விகள்தான். பசியைப் பற்றியோ அசதியைப் பற்றியோ அதில் ஒரு வரிகூடக் கிடையாது. சிரிக்க முடிந்ததா, காரணமில்லாமல் பயந்தீர்களா, உங்களையே குறை சொல்லிக்கொண்டீர்களா என்று போன ஏழு நாட்களைப் பற்றிக் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் பூஜ்ஜியத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண். மொத்தம் 30. பொதுவாக 13 அல்லது அதற்கு மேல் வந்தால் விரிவாக விசாரிப்போம்.

என்னிடம் வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். ஆள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். 26 வாரம். முதல் கர்ப்பம் ஐந்தாம் மாதத்தில் கலைந்துவிட்டது. ஒரே மாதத்தில் மூன்று முறை "குழந்தை அசையல" என்று ஓடி வந்தார். மூன்று முறையும் பார்த்தோம், குழந்தை நன்றாக இருந்தது. அசைவு குறைந்த மாதிரி தோன்றினால் உடனே வந்தே ஆக வேண்டும், அவர் செய்தது சரி. ஆனால் வீட்டுக்குப் போன அரை மணி நேரத்தில் அதே பயம் திரும்பியது. "நெஞ்சு அடைக்குது மேடம்" என்றார். படபடப்பு, மூச்சுத்திணறல் என்றால் உடனே மனசு என்று முடிவு கட்டிவிட மாட்டோம். ரத்தசோகையிலும் தைராய்டிலும் இதயக் கோளாறிலும்கூட அது வரும். எல்லாவற்றையும் பரிசோதித்தோம், அவை எதுவும் இல்லை.

மாமியாரிடம், "அம்மா, நீங்க கொஞ்சம் வெளிய உட்காருங்க" என்றேன். அதன் பிறகுதான் அந்தப் பெண் பேசினார். முதல் கர்ப்பத்தில் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு பஸ்ஸில் போனாராம், அதனால்தான் கலைந்தது என்று இரண்டு வருடமாகத் தன்னைத்தானே திட்டிக்கொண்டிருக்கிறார். பஸ்ஸில் போவதால் கரு கலையாது. அதை அவருக்கு யாருமே சொல்லவில்லை.

கேள்வித்தாளில் 16 வந்தது. தன்னைக் குறை சொல்லிக்கொள்வது, கவலை, பயம் என்ற மூன்று கேள்விகளில் மட்டும் எட்டு. அழுகைக்கு ஒன்றுதான். வீட்டில் யாரும் கவனிக்காததற்குக் காரணம் இதுதான், அவர் அதிகம் அழவில்லை. பத்தாவது கேள்வி, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு அவர் பூஜ்ஜியம். மொத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அந்த ஒரு கேள்விக்கு 'ஆமாம்' என்று வந்தால் அன்றைக்கே உட்கார வைத்துப் பேசுவோம்.

மாத்திரை கொடுக்கவில்லை. ஆலோசகரிடம் வாரம் ஒருமுறை பேச வைத்தோம். அசைவைக் கவனிக்க ஒரு நேரம் குறித்துக் கொடுத்தோம். எட்டு வாரத்தில் மதிப்பெண் 7 ஆனது. பயம் முழுதும் போகவில்லை, ஆனால் தூங்கினார்.

எல்லோருக்கும் பேச்சு மட்டும் போதாது. நோய் கடுமையாக இருந்தால் மாத்திரை வேண்டும். கர்ப்பத்தில் கொடுக்கக்கூடியவை இருக்கின்றன, தவிர்க்க வேண்டியவையும் இருக்கின்றன. ஏற்கனவே மனநல மாத்திரை சாப்பிடுகிறவர்கள், நாள் தள்ளிப்போனது தெரிந்ததும் பயந்துபோய் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நோய் திரும்பி வரும். அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள், மாற்றுவதா தொடர்வதா என்று அவர் முடிவு செய்வார்.

எப்போது வர வேண்டும்? மனசு கனமாக இருப்பது, எதிலும் நாட்டமில்லாமல் இருப்பது, அடக்க முடியாத கவலை, இவற்றில் ஒன்று கிட்டத்தட்ட தினமும், நாளின் பெரும்பகுதி, இரண்டு வாரம் நீடித்தால் வாருங்கள். முன்பு மனச்சோர்வு வந்தவர்கள், குழந்தையை இழந்தவர்கள், வீட்டில் அடி வாங்குகிறவர்கள் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். சாக வேண்டும் என்ற எண்ணம், காதில் யாரோ பேசுவது, தூக்கமே இல்லாமல் தலைகால் புரியாத சுறுசுறுப்பு, சாப்பாட்டை அடியோடு விட்டுவிடுவது, இவை இருந்தால் அன்றைக்கே, அந்த மணி நேரமே. ஆளைத் தனியாக விடாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். பேச மட்டும் யாராவது வேண்டுமென்றால் டெலி மானஸ் 14416, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது.

வீட்டுக்காரர்களுக்கு ஒன்று. மனைவியை "சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா" என்று கேட்கிறீர்கள், நல்லது. இன்று ராத்திரி, "உனக்கு என்ன பயமா இருக்கு" என்று கேளுங்கள். பதில் வந்ததும் சமாதானம் சொல்ல அவசரப்படாதீர்கள், முழுசாகக் கேளுங்கள்.

நான்கு மணி வரை அந்த எடை பார்க்கும் மேஜைக்குப் பக்கத்தில் இருப்பேன். கேள்வித்தாளும் கையில் இருக்கிறது. பிபி பார்க்க என்று சொல்லிக்கொண்டு வரலாம். தனியாக வாருங்கள்.